குழந்தையின் கடைவாய்ப் பல்லுக்கு ஸ்டீல் கேப்: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

நான் குழந்தைகளுக்குப் பல் பார்ப்பவள். பின்பல்லுக்கு ஸ்டீல் கேப் போடலாம் என்று சொன்னதும் பெற்றோருக்கு வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும். அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதி வைக்கிறேன். கேப்பா ஃபில்லிங்கா என்ற குழப்பம் இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடத்தில் சொத்தை விழும்போதுதான் அதிகம். அதனால் பேச்சு பெரும்பாலும் அந்த இடத்தைச் சுற்றியே இருக்கும்.

எப்படியும் விழப்போற பால்பல்லுதானே, அதுக்குப் போய் கேப் எதுக்கு?

முன்னால் இருக்கும் பால்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கும். பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப் பற்கள் அப்படியில்லை. மொத்தம் எட்டு இருக்கும் அவை 9 வயதிலிருந்து 12 வயதுக்குள்தான் விழும். 4 வயதுக் குழந்தைக்கு அதில் சொத்தை வந்தால் அந்தப் பல் இன்னும் ஆறேழு வருடம் மென்று தள்ள வேண்டியிருக்கிறது. சீழ் பிடித்து முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பின்னால் முளைக்கும் பெரிய பல் முன்னே நகர்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் அங்கே வர வேண்டிய நிலைப்பல்லுக்கு இடம் போதாது.

மறுபக்கமும் உண்டு. எக்ஸ்ரேயில் வேர் பெரும்பாலும் கரைந்து, பல் சில மாதங்களில் விழும் நிலையில் இருந்தால் நானே கேப் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஸ்டீல் கேப்னா என்னது? பாத்திரம் செய்யற ஸ்டீலா?

அதே குடும்பம்தான். இரும்போடு குரோமியமும் நிக்கலும் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு. கடைவாய்ப் பல்லின் வடிவத்திலேயே தொழிற்சாலையில் அழுத்தி எடுத்த மெல்லிய ஓடு அது, கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். ஒவ்வொரு பல்லுக்கும் சிறிதும் பெரிதுமாகப் பல அளவுகள் பெட்டியில் இருக்கும். நாங்கள் அதிகம் எடுப்பது நடுவிலிருக்கும் 4, 5 ஆம் எண்கள்.

பெரியவர்களுக்கு அச்செடுத்து, லேபுக்கு அனுப்பி, ஒரு வாரம் கழித்து மாட்டும் கேப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது தயாராகவே இருப்பது. ஒரே அமர்வில் அளவு பார்த்து, விளிம்பை வளைத்து ஒட்டிவிடலாம். குழந்தைகளின் பின்பல்லுக்கு இது 1950 முதலே புழக்கத்தில் இருக்கிறது.

ஃபில்லிங் போட்டாலே போதாதா?

சொத்தை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பல்லின் மேல்பள்ளத்தில் மட்டும் சின்னதாக இருந்தால் ஃபில்லிங் தாராளமாகப் போதும். நான்கு பக்கமும் சுவர் நிற்பதால் அடைத்த பொருள் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு பற்களுக்கு நடுவில் சொத்தை இருந்தால் கதை வேறு. பால் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று அகலமாக ஒட்டி நிற்பவை. நடுவில் இருக்கும் சொத்தையை எடுக்க மேலிருந்து இறங்கி ஒரு பக்கச் சுவரையே வெட்ட வேண்டும். பால்பல்லின் எனாமல் நிலைப்பல்லில் இருப்பதில் பாதிக் கனம்தான். நரம்பும் மேலே ஏறி நிற்கும். ஆழமாக வெட்டினால் நரம்பில் படும், மேலோட்டமாக வெட்டினால் ஃபில்லிங்குக்குக் கனம் போதாமல் அது குறுகும் நடுப்பகுதியில் ஒடியும். வெள்ளை ஃபில்லிங் ஒட்டும்போது எச்சில் பட்டால் விளிம்பில் சந்து விழும். ஐந்து வயதுக் குழந்தையின் வாயைப் பத்து நிமிடம் காய்ந்த நிலையில் வைத்திருப்பது எவ்வளவு சிரமம் என்பது வீட்டில் பல் தேய்த்துவிடும் உங்களுக்கே தெரியும்.

கேப் பல்லை எல்லாப் பக்கமும் மூடிவிடுகிறது. புதிய சொத்தை விழ அந்தப் பல்லில் இடமே பெரிதாக மிச்சமில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீயில் 132 குழந்தைகளோடு ஓர் ஆய்வு நடந்தது. ஒரே குழந்தைக்கு ஒரு பல்லில் வழக்கமான ஃபில்லிங், இன்னொன்றில் ஸ்டீல் கேப். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது வலி, சீழ் போன்ற பெரிய தோல்விகள் ஃபில்லிங்கில் 16.5 சதவீதம், கேப்பில் 3 சதவீதம். இரண்டிலும் தோல்வி உண்டு என்பதையும் சேர்த்தே கவனியுங்கள்.

அப்போ எந்தப் பல்லுக்கு கேப்தான்னு அடிச்சுச் சொல்வீங்க?

நரம்பு சிகிச்சை செய்த பால் கடைவாய்ப் பல்லுக்கு. உள்ளே குடைந்த பல் எளிதில் பிளக்கும், மேலே சந்து விழுந்தால் கிருமி நேராக உள்ளே இறங்கும். அடுத்து, சொத்தை இரண்டுக்கு மேற்பட்ட பக்கங்களைத் தின்றுவிட்ட பல். பிறகு எனாமலே சரியாக உருவாகாமல் பொலபொலவென்று உதிரும் பல்.

குழந்தையின் வாய் மொத்தமாக எப்படி இருக்கிறது என்பதையும் பார்ப்பேன். ஒரு வருடத்தில் நான்கு பல்லில் புதுச் சொத்தை வந்த குழந்தைக்கு, வேறு குழந்தைக்கு ஃபில்லிங் போடக்கூடிய பல்லிலும் கேப் போடுவேன். மயக்க மருந்து கொடுத்து ஒரே தடவையில் எல்லாப் பல்லையும் செய்யும்போதும் அப்படியே. ஒரு ஃபில்லிங் விழுந்ததற்காக அந்தக் குழந்தையை இன்னொரு முறை மயக்க முடியாது.

ஓட்டை கண்ணுக்கே தெரியுதே, எக்ஸ்ரே வேற எதுக்கு?

கண்ணுக்குத் தெரிவது வாசல். அறை எவ்வளவு பெரியது என்பது படத்தில்தான் தெரியும். நான் தேடுவது முக்கியமாக ஒன்றுதான். சொத்தையின் கருநிழலுக்கும் நரம்புக்கும் நடுவில் நல்ல பல் ஒரு பட்டையாகத் தெளிவாகத் தெரிகிறதா? தெரிந்தால் நரம்பைத் தொடாமல் கேப் போடலாம். தெரியாவிட்டால் முதலில் நரம்பைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவதாக வேர்கள் பிரியும் இடத்தைப் பார்ப்பேன். அங்கே எலும்பு கரைந்து இருண்டிருந்தால் கிருமி வேர் வரை இறங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பல்லை அப்படியே கேப் போட்டு மூடுவது பெரிய தவறு.

பல்லைச் சீவிச் சின்னதாக்கிடுவீங்களாமே?

வழக்கமான முறையில் கொஞ்சம் சீவுவோம். முதலில் மரத்துப்போக ஊசி. சொத்தையை எடுத்த பிறகு பல்லின் மேல்பகுதியை 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை குறைப்போம். அப்போதுதான் கேப் உட்கார்ந்த பிறகும் கடி உயராது. பிறகு பக்கத்துப் பல்லைத் தொட்டு நிற்கும் முன், பின் பக்கங்களை மெல்லிய ஊசிமுனைக் கருவியால் லேசாக இழைத்து, நடுவில் ஒரு கம்பி நுழையும் அளவுக்குச் சந்து உண்டாக்குவோம். கன்னத்துப் பக்கமும் நாக்குப் பக்கமும் பெரும்பாலும் தொடுவதேயில்லை. ஈறுக்குச் சற்று மேலே பல் இயல்பாகவே புடைத்திருக்கும், கேப்பைப் பிடித்து நிறுத்துவது அந்தப் புடைப்புதான்.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை, இழைக்கும்போது ஈறோரம் ஒரு சின்னப் படி விட்டுவிடுவது. கேப் அந்தப் படியில் முட்டி நின்றுவிடும். எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது, அளவு தப்பு என்று நினைத்துப் பெரிய எண்ணை எடுக்கத் தோன்றும். எண்ணை மாற்றுவதற்கு முன் படியைத் தேடு என்று பயிற்சிக் காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கும் நேரம் மிச்சப்படுத்தும் பாடம் அது.

சரியான அளவு, இறங்கும் கேப்களில் மிகச் சிறியது. நாக்குப் பக்கம் முதலில் மாட்டி, கன்னத்துப் பக்கமாக உருட்டி இறக்கினால் 'டக்' என்று உட்கார வேண்டும். விளிம்பு ஈறுக்குள் சுமார் ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம். அதிகம் போனால் வளைந்த கத்தரியால் நறுக்கி, குறடால் விளிம்பை உள்நோக்கி மடித்து, வழவழப்பாக்குவோம். கடி பார்த்த பிறகு கிளாஸ் அயனோமர் சிமெண்டை நிரப்பி ஒட்டுவோம். முடிச்சுப் போட்ட நூலைப் பல்லிடுக்கில் இழுத்து, பிதுங்கிய சிமெண்டை எடுத்துவிடுவோம்.

ஊசி இல்லாம, சொத்தையைக்கூட எடுக்காம அப்படியே மூடுறாங்களாமே! அது சரியா?

சரியான பல்லுக்குச் சரி. ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் வருடக்கணக்கில் இப்படிச் செய்துவந்தார். அவர் வைத்திருந்த பதிவுகளை மற்றவர்கள் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். அதனால் இதற்கு ஹால் முறை என்று பெயர். மேலே சொன்ன டண்டீ ஆய்வில் போட்ட கேப்களும் இந்த முறையில் போட்டவையே. சொத்தைக் கிருமிக்கு வாயிலிருந்து வரும் சர்க்கரை வேண்டும். கேப்பும் சிமெண்டும் சந்தில்லாமல் மூடிவிட்டால் அதற்குச் சாப்பாடு நின்றுபோகும், சொத்தை அந்த இடத்திலேயே அடங்கிவிடும்.

பற்கள் நெருக்கமாக இருந்தால் முதலில் நடுவில் சின்ன ரப்பர் வளையங்களை மாட்டி அனுப்புவோம். மூன்றிலிருந்து ஐந்து நாளில் அவை பற்களை லேசாக விலக்கிவிடும். அடுத்த தடவை வளையத்தை எடுத்து, அளவு பார்த்து, சிமெண்ட் நிரப்பிய கேப்பை விரலால் அழுத்தி இறக்குவோம். பிறகு குழந்தையே பஞ்சைக் கடித்து முழுதாக இறக்கிவிடும். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, தொண்டைப் பக்கம் துணி மறைப்பு வைப்பது கட்டாயம். ஊசி, இயந்திரச் சத்தம் எதுவும் இல்லை.

எக்ஸ்ரே பதிலில் சொன்ன நல்ல பட்டை தெரியாவிட்டால் இந்த முறை கூடாது. ராத்திரியில் தானாக எழுப்பும் வலி, ஈறில் கொப்புளம், தொட்டால் ஆடும் பல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கூடாது. சில இதயக் கோளாறுகள் உள்ள குழந்தைகளுக்கும் இதைத் தவிர்ப்போம், உள்ளே கிருமியை விட்டுவைப்பது அவர்களுக்கு ஆபத்து.

என் பையனுக்கு இடதுபக்கம் ஊசி போட்டுச் செஞ்சீங்க, வலதுபக்கம் ஊசியே இல்ல. ஏன் இந்த வித்தியாசம்?

ஐந்தரை வயதுப் பையனின் அம்மா கேட்டது இது. இடது கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை ஃபில்லிங் விழுந்திருந்தது. சாப்பாடு சிக்கினால் மட்டும் வலி, ராத்திரி நன்றாகத் தூங்குகிறான். எக்ஸ்ரேயில் சொத்தை நரம்பைத் தொட்டிருந்தது, வேர்ப் பக்கம் சுத்தம். ஊசி போட்டு, மேல்பகுதி நரம்பை மட்டும் எடுத்து, ஈரப் பஞ்சால் அழுத்தினேன். சில நிமிடங்களில் இரத்தம் நின்றது. கீழே இருக்கும் நரம்பு நலமாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நிற்கவில்லையென்றால் வேர் வரை சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். மருந்து வைத்து அடைத்து, அதே அமர்வில் கேப்.

ஆனால் ஃபில்லிங் விழுந்து மாதக்கணக்கில் அப்படியே விட்டதால் பின்பல் அந்தப் பள்ளத்துக்குள் சாய்ந்திருந்தது. 4ஆம் எண் கேப் இடுக்கில் நுழையவில்லை. 3 நுழைந்தது, பல்லைச் சுற்றி வரவில்லை. 4ஐயே குறடால் முன்பின்னாக நசுக்கிப் பார்த்தேன், ஏறக்குறைய உட்கார்ந்தது, விளிம்பு மட்டும் ஒரு மூலையில் தூக்கியது. கடைசியில் பெட்டியில் வலது மேல் பல்லுக்கான கேப்பை எடுத்துத் திருப்பி மாட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. மேல்பல் கேப் முன்பின்னாகக் குறுகலாக இருப்பதால், இடம் சுருங்கிய கீழ்ப்பல்லுக்கு எதிர்ப்பக்க மேல் கேப் பொருந்துவதுண்டு.

வலது கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல்லில் முன்பக்கம் மட்டும் சொத்தை, வலி கிடையாது, படத்தில் நல்ல பட்டை தெளிவாக இருந்தது. திங்கட்கிழமை ரப்பர் வளையம், வெள்ளிக்கிழமை 5ஆம் எண் கேப். நாற்காலியில் உட்கார்ந்து இறங்கும் வரை கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கேப் போட்டதிலிருந்து வாயை மூடினா மத்த பல்லு முட்டவே மாட்டேங்குது. சரியாகுமா?

ஹால் முறையில் போட்டிருந்தால் இது எதிர்பார்த்ததுதான். மேலே எதையும் சீவவில்லையே. குழந்தைகளின் பற்கள் மெல்ல நகர்ந்து இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் கடி சமன்படும். மேலே சொன்ன பையனின் அம்மாவும் இரண்டாம் நாளே பதறிப்போய் ஃபோன் செய்தார், மூன்றாவது வாரத்தில் பற்கள் சேர்ந்துவிட்டன. முதல் சில நாள் மெல்லுவதற்கு எளிதான சாப்பாடு கொடுத்தால் போதும். பல்லைச் சீவிப் போட்ட கேப் இப்படி உயர்ந்து நின்றால் அது சரியாக இறங்கவில்லை என்று பொருள். உடனே திரும்பக் காட்டுங்கள்.

போட்ட உடனே ஈறு வெள்ளையாயிடுச்சு, அப்புறம் சிவந்துடுச்சே?

விளிம்பு அழுத்துவதால் இரத்தம் விலகி வெளுக்கிறது, கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பும். ஓரிரு நாள் வலி, சிவப்பு இருக்கலாம். ஒரு வாரத்துக்கு மேல் சிவந்து, தேய்த்தால் இரத்தம் வந்தால் பெரும்பாலும் உள்ளே சிமெண்ட் மிச்சமிருக்கும் அல்லது விளிம்பு துருத்தியிருக்கும். இரண்டும் சரிசெய்யக்கூடியவை.

கேப் கழண்டு வந்துடுச்சு. முழுங்கிட்டா என்ன ஆகும்?

கையில் கிடைத்தால் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள். நசுங்காமல் இருந்தால், பல்லும் நன்றாக இருந்தால், சுத்தம் செய்து திரும்ப ஒட்டிவிடலாம். வீட்டுப் பசை எதுவும் வேண்டாம். வராமல் விட்டுவிடவும் வேண்டாம், பக்கத்துப் பல் சாய்ந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

விழுங்கியிருந்தால் பெரும்பாலும் சில நாட்களில் மலத்தோடு வந்துவிடும். ஆனால் இருமல், மூச்சிரைப்பு, மூச்சுத்திணறல் வந்தால் கேப் மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். அப்போது பல் மருத்துவரைத் தேட வேண்டாம், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

மூடின கேப்புக்குள்ள சீழ் பிடிச்சா எப்படித் தெரியும்?

ஈறில் பரு போன்ற கொப்புளம், தானாக வரும் வலி, அந்தப் பக்கம் மெல்லத் தயக்கம், வயதுக்கு முன்பே பல் ஆடுவது. கொப்புளம் உடைந்து வலி நின்றால் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம், உண்மையில் சீழ் வெளியேற வழி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். வலியே இல்லாமலும் வேரில் கிருமி இருக்கலாம். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்கிறோம், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுக்கிறோம்.

வெள்ளை கேப் இருக்காமே, அதைப் போடக்கூடாதா?

இருக்கிறது, சிர்கோனியா கேப். பார்க்கப் பல் போலவே இருக்கும். ஆனால் அதன் விளிம்பை வளைத்து இறுக்க முடியாது, கேப்புக்கு ஏற்றபடி பல்லைத்தான் சீவ வேண்டும். ஸ்டீலுக்குச் சீவுவதைவிடக் கணிசமாக அதிகம் போகும். ஒட்டும்போது ஈறில் இரத்தம் கசிந்தால் பிடிப்பும் குறையும். ஹால் முறைக்கு அது ஒத்துவராது. சிரித்தால் தெரியும் முதல் கடைவாய்ப் பல்லுக்கு, ஒத்துழைக்கும் குழந்தையாக இருந்தால் யோசிக்கலாம். அதற்குப் பின்னால் இருக்கும் பல்லுக்கு என் ஓட்டு ஸ்டீலுக்குத்தான்.

நிக்கல் அலர்ஜி இருந்தா? எம்ஆர்ஐ எடுக்கணும்னா?

தோடு, பெல்ட் பக்கிள் பட்டுத் தோல் தடித்த அனுபவம் குழந்தைக்கு இருந்தால் முன்பே சொல்லுங்கள். நிக்கல் ஒவ்வாமை உறுதியானால் ஸ்டீலைத் தவிர்த்து வேறு வழி பார்ப்போம். எம்ஆர்ஐ எடுக்கலாம், ஆனால் எடுப்பவரிடம் கேப் இருப்பதைச் சொல்ல வேண்டும். தலைப் பகுதியை எடுத்தால் கேப்பைச் சுற்றிப் படம் கலங்கும்.

கேப்பை எப்பக் கழட்டணும்? உள்ளிருந்து வர்ற பல்லைத் தடுத்துடாதா?

கழற்றவே வேண்டாம். கேப் ஒட்டியிருப்பது பல்லின் தலையில்தான். கீழே நிலைப்பல் வர வர வேர் கரைந்து, பல் கேப்போடு சேர்ந்தே விழும். கேப் மாட்டிய பல் கையில் வந்ததும் சில குழந்தைகள் அதைப் பொக்கிஷம் போல எடுத்துக்கொண்டு வந்து காட்டுவார்கள்.

தடுக்கும் சூழ்நிலை ஒன்று உண்டு, அது பக்கத்தில். இரண்டாம் பால் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் 6 வயதில் முதல் நிலைக் கடைவாய்ப் பல் முளைக்கும். கேப்பின் பின்விளிம்பு நீண்டு துருத்தியிருந்தால் அந்தப் பல் அதன் அடியில் மாட்டிக்கொள்ளலாம். 4, 5 வயதில் அந்தப் பல்லுக்குக் கேப் போடும்போது பின்விளிம்பை நான் இரண்டு முறை பார்ப்பது அதனால்தான். 7 வயது தாண்டியும் ஒரு பக்கம் மட்டும் அந்தப் பல் வரவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள்.

அந்த ஆறு வயசுப் பல்லே பொடிஞ்சு வருது. அதுக்கும் இதே கேப்தானா?

அதற்கும் ஸ்டீல் கேப் தனியாக உண்டு, அளவு பெரியது. முளைக்கும்போதே மஞ்சள், பழுப்புத் திட்டுகளோடு வந்து, குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசி, மெல்ல மெல்ல உதிரும் பற்களைப் பார்த்திருப்பீர்கள். எனாமல் கெட்டிப்படாமல் உருவானவை அவை. ஃபில்லிங் ஒட்ட நல்ல எனாமலே கிடைக்காததால் கேப் போட்டால் கூச்சமும் அடங்கும், உதிர்வதும் நிற்கும். இந்தப் பற்களுக்கு ஊசி சில சமயம் சரியாக மரக்காது, கூடுதல் நேரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள்.

இது விழாத பல் என்பதால் இங்கே கேப் இடைக்கால ஏற்பாடுதான். வளர்ந்த பிறகு அச்செடுத்துச் செய்யும் நிரந்தரக் கேப்புக்கு மாற்ற வேண்டும். பல் மிகவும் கெட்டிருந்தால் 8லிருந்து 10 வயதுக்குள் அதைப் பிடுங்கிவிட்டு, பின்னால் இருக்கும் நிலைப்பல்லை அந்த இடத்துக்கு வரவிடும் வழியும் உண்டு. அதை முடிவு செய்யப் பின்பல்லின் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதனால் கேப் போடும் முன்பே பல் வரிசை சீரமைப்பவரிடமும் ஒருமுறை காட்டச் சொல்வேன்.